நர்ஸைத் தண்டித்தால் போதுமா?

என்னிடம் மூட்டுவலிக்கு வரும் ஓர் அம்மாள், ஆஸ்பத்திரியில் இருந்தபோது காலை 7.30க்கு இன்சுலின் போட்டார்கள். அரை மணியில் வரவேண்டிய டிபன் வந்ததோ 8.40க்கு! அதற்குள் வியர்த்து, கை நடுங்கி மயங்கிவிட்டார். மகன் புகார் எழுதினார்.

நிர்வாக அதிகாரியின் பதிலை நானும் படித்தேன். "சமையலறை தாமதத்தைச் சொல்லவில்லை; வார்டிலும் கேட்கவில்லை. தவறு எங்களுடையது. இனி டிபன் வண்டி கிளம்பியதாக போன் வந்தபிறகே ஊசி. இரண்டு நேரமும் சார்ட்டில் எழுதப்படும். மாதாமாதம் நானே சரிபார்ப்பேன்."

நர்ஸை மட்டும் தண்டித்திருந்தால் மறுநாளும் டிபன் தாமதமாகத்தானே வந்திருக்கும்? உங்களுக்கு வரும் பதிலில் எத்தனை மணிக்கு என்ன நடந்தது, இனி யார் கவனிப்பார் என்று இல்லையா? மறுபடி எழுதிக் கேளுங்கள்.