28 நாட்கள் குறைந்த பிணைமுறி

கிளிநொச்சியில் சிறிய ஒப்பந்தகாரர் ஒருவர் தனது கேள்விமனுக் கோப்பை என்னிடம் காட்டினார். பாடசாலைக் கட்டடத் திருத்தவேலை. குறைந்த விலை அவருடையதே. பதில் கடிதத்தில் ஒரே வரி: 'ஏற்புடையதல்ல'. ஆள் பார்த்து வெட்டிவிட்டார்கள் என்பது அவரது சந்தேகம்.

நிபந்தனைப் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கையொப்பமிட்ட விலைமனுப் படிவமும் பொது ஒப்பந்தச் சட்டப் பதிவுச் சான்றிதழும் இருந்தன. வரிச் சான்றிதழின் பிரதி இல்லை. ஏற்கெனவே பெற்ற சான்றிதழ் என்பதால் அதைப் பின்னரும் கேட்டு வாங்கலாம், விலை மாறாது.

சிக்கல் பிணைமுறியில். கேள்விமனு ஜூன் 3 இல் முடிந்தது. 91 நாட்கள் செல்லுபடி என்றால் செப்டம்பர் 2 வரை. பிணைமுறி அதற்கு மேலும் 28 நாட்கள், செப்டம்பர் 30 வரை செல்லுபடியாக வேண்டும் என்றே ஆவணம் கேட்டிருந்தது. வங்கி கொடுத்ததோ செப்டம்பர் 2 வரை. மனுக்களைத் திறந்தபின் அதை நீடிக்க விட்டால், முழுக்காலத்துக்கும் வங்கிக் கட்டணம் செலுத்திய மற்றவர்களுக்கு அநியாயம்.

ஆக, முடிவு சரி. கடிதம்தான் பிழை. எந்த ஆவணம், எத்தனை நாள் குறை என்று அதில் இல்லை. வரிப் பிரதிதான் காரணமென நினைத்த அவர், அடுத்த மனுவில் அதைச் சேர்த்துவிட்டார். பிணைமுறியை மட்டும் பழையபடி 91 நாட்களுக்கே எடுத்து வைத்திருந்தார்.