சம்பாதிக்காத வட்டி

அக்டோபர் முதல் தேதி இந்தூரில் ஒரு டீலர் மோட்டார் சைக்கிள் ஒன்றை ஹயர் பர்சேஸில் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ரொக்க விலை 80,000 ரூபாய். முன்பணம் 20,000. மீதி 60,000 ரூபாய்க்கு 12 சதவீத பிளாட் வட்டி, இரண்டு ஆண்டுகளுக்கு 14,400. மாதம் 3,100 வீதம் 24 தவணைகள்.

வண்டியின் மீதான லாபத்தை அன்றே கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். சிக்கல் வட்டியில்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்தானதும் 14,400 முழுவதையும் வருமானமாக எழுதிவிடும் ஆசை பலருக்கு உண்டு. மார்ச் மாத லாபம் பளபளக்கும். பங்குதாரர்களும் எடுத்துச் செலவழிப்பார்கள்.

ஆனால் வட்டி என்பது காலத்தின் கூலி. மார்ச் 31 வரை ஓடியது ஆறே மாதம். தவணை விற்பனையில் பாக்கி நிற்கும் தொகைக்கு ஏற்ற விகிதத்தில் வட்டியை எடுக்க வேண்டும் என்கிறது 1985-ல் வெளியான ஏஎஸ் 9 கணக்கியல் விதி. பாக்கி தொடக்கத்தில் அதிகம். எனவே வட்டியும் அப்போது அதிகம். மாதம் 600 என்று சமமாகப் பிரிப்பதும் தவறுதான்.

டீலர்களின் குமாஸ்தாக்கள் நெடுங்காலமாகக் கையாண்ட குறுக்குவழி ஒன்று உண்டு. 1 முதல் 24 வரை கூட்டினால் 300. முதல் மாதத்துக்கு 300-ல் 24 பங்கு, அதாவது 1,152 ரூபாய். அடுத்த மாதம் 23 பங்கு. கடைசி மாதம் ஒரே பங்கு, 48 ரூபாய். இப்படிப் பார்த்தால் மார்ச் வரை 6,192. அடுத்த நிதியாண்டில் 7,200. மூன்றாவதில் வெறும் 1,008. கம்ப்யூட்டரில் உண்மையான வட்டி விகிதத்தைக் கண்டுபிடித்து (மாதம் கிட்டத்தட்ட 1.8 சதவீதம், 12 சதவீதம் என்ற பேச்சு எவ்வளவு பெரிய ஏமாற்று!) கணக்கிட்டால் முதல் ஆறு மாதத்துக்குச் சுமார் 5,900 வரும். இரண்டு வருடக் கடனுக்கு இந்த வித்தியாசம் சிறிது. தவணைக் காலம் நீண்டால் வளரும்.

மீதி 8,208 ரூபாய் ஈட்டாத வட்டி. தவணை பாக்கியிலிருந்து கழித்தே அதைக் காட்ட வேண்டும்.

ஏழாவது தவணையிலிருந்து வாடிக்கையாளர் பணம் கட்டவில்லை. டீலர் வண்டியைத் திரும்ப எடுத்து 40,000 ரூபாய்க்கு விற்கிறார். வர வேண்டிய தவணைகள் 55,800. வட்டியைப் பரப்பி எழுதியவரின் பேரேட்டில் பாக்கி 47,592; நஷ்டம் 7,592. முழு வட்டியையும் முதல் நாளே எழுதியவருக்கோ நஷ்டம் 15,800. கூடுதலாகத் தெரியும் 8,208-ம் இந்த ஆண்டு நஷ்டமே அல்ல, போன மார்ச்சில் இல்லாமலே இருந்த லாபம். அந்த லாபத்தைப் பங்குதாரர்கள் அதற்குள் செலவழித்திருப்பார்கள்.