முன்பணப் பிடித்தமும் குடிபுகுந்த நாளின் பட்டியலும்



குமுளியிலோ சித்தூரிலோ வாடகை வீட்டைக் காலி செய்யும்போது, வீட்டுக்காரர் முன்பணத்தில் ஒரு தொகையைப் பிடித்துக்கொள்வதுண்டு. அப்போது கோபமாகப் பேசுவதால் பயனில்லை. கடிதமும் பட்டியலுமே பேசவேண்டும்.

1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம், 108-ஆம் பிரிவில் இதற்கு அளவுகோல் தருகிறது. குடியிருப்பவர், வீட்டைப் பெற்றபோது இருந்த நிலையில் திருப்பித் தரவேண்டும். ஆனால் நியாயமான புழக்கத் தேய்மானத்திற்கு அவர் பொறுப்பல்ல. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் அதுவே செல்லும். ஆகவே, காலி செய்கையில் வெள்ளையடித்துத் தருவதாகக் கையெழுத்திட்டிருக்கிறீர்களா என்பதை முதலில் பாருங்கள்.

ஓர் எடுத்துக்காட்டைக் கவனியுங்கள். குமுளியில் ஒரு குடும்பம் 40,000 ரூபாய் முன்பணம் கொடுத்து மூன்று ஆண்டுகள் குடியிருந்தது. வீட்டுக்காரர் வர்ணத்திற்கு 9,000, கைகழுவும் தொட்டிக்கு 3,000, குழாய்க்கு 1,200, ஜன்னல் கண்ணாடிக்கு 800 என 14,000 ரூபாயைக் கழித்து, 26,000 ரூபாயைத் திருப்பினார். குடிபுகுந்த நாளில் இருவரும் கையெழுத்திட்ட பட்டியலில், "படுக்கையறை வடக்குச் சுவரில் ஈரக்கறை, தொட்டியில் மெல்லிய விரிசல், குழாய் நன்று, கண்ணாடிகள் முழுமை" என்றிருந்தது. அவர்களுடைய கடிதம் இப்படி அமையலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் கழித்த நான்கு தொகைகளுக்கும் பதில் தருகிறேன். சுவரின் ஈரக்கறை பட்டியலில் முன்னரே உள்ளது. மற்றச் சுவர்களின் மங்கல் மூன்றாண்டுப் புழக்கத்தால் வந்தது. தொட்டியின் விரிசலும் பட்டியலில் உண்டு. குழாய் ஒழுகியது, உள்ளிருக்கும் வாஷர் தேய்ந்ததால். கண்ணாடி எங்களால் உடைந்தது. அந்த 800 ரூபாயை ஏற்கிறேன். மீதி 13,200 ரூபாயை 15 நாட்களுக்குள் தந்தருள வேண்டுகிறேன். இணைப்பு: பட்டியலின் நகல், புகைப்படங்கள்."

உடைத்ததை ஒப்புக்கொள்வதைக் கவனித்தீர்களா? அதுவே மற்ற மூன்று மறுப்புகளுக்கும் நம்பகம் தருகிறது.

மலைப்பகுதியின் மழையில் ஈரக்கறையைக் குறித்தே வழக்கு மிகுதி. தரையிலிருந்து மேலேறும் கறையும், கூரையோரத்திலிருந்து இறங்கும் கறையும் பெரும்பாலும் கட்டடத்தின் குறையைக் காட்டுபவை. ஆணித் துளையும் சமையல் எண்ணெய்க் கறையும் குடியிருந்தவரின் கணக்கில் வரக்கூடும்.

வீட்டுக்காரரின் கையெழுத்தில்லாத பட்டியல் வலுவற்றது. அவர் கையெழுத்திட மறுத்தால், குடிபுகுந்த வாரத்திலேயே படங்களுடன் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவையுங்கள், தேதி பதிவாகிவிடும்.

கடிதத்தை வீட்டுக்காரர் வாசிக்கும் மொழியிலேயே, மலையாளமானால் மலையாளத்திலேயே எழுதுங்கள். பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்டுடன் இணைக்கப்பட்டுவிட்டது; ஆகவே ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். மூலப் பட்டியல் உங்களிடமே இருக்கட்டும்.

பதில் வராவிட்டால், தாலுகா சட்டப்பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம். வழக்குத் தொடுக்கும் முன்னரே லோக் அதாலத்தில் இருவரையும் அமர்த்திப் பேச அங்கே வழியுண்டு. அங்கும் முதலில் கேட்கப்படுவது அந்தப் பட்டியலே.