‘ஓகே சார்’ அனுப்பும் முன்



அலுவலக வாட்ஸ்அப் குரூப்பில் மேலதிகாரியிடமிருந்து ஒரு வரி வருகிறது: ‘கம்மாபுரம் பயிர் சேத விவரம் உடனே அனுப்பவும்.’ கீழே வரிசையாக ‘ஓகே சார்’, ‘நோட்டட் சார்’, கைகூப்பும் படங்கள். யாருக்கு என்ன புரிந்தது என்று அதைப் பார்த்து யாராவது சொல்லிவிட முடியுமா?

அரசு வேலையோ தனியார் கம்பெனியோ, இப்படி ஒரு வரி வராத இடம் இல்லை. வேலையை ஒருமுறை முடித்து, ‘நான் இதையா கேட்டேன்?’ என்று திட்டு வாங்கி, மறுபடி முதலிலிருந்து செய்து, வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு வந்து சேர்கிறவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! அவர்களுக்காகத்தான் இந்த முறை இந்தப் பக்கம்.

கம்மாபுரத்தையே எடுத்துக்கொள்வோம். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கம்மாபுரம் இருக்கும் கடலூர் மாவட்டத்தில் ஏராளமான வயல்கள் மூழ்கின. பாசன வசதியுள்ள நெல் போன்ற பயிர்கள் 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமடைந்திருந்தால் ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் நிவாரணம் என்று தமிழக அரசு அறிவித்தது. மானாவாரிப் பயிருக்கு 8,500, பல்லாண்டுப் பயிருக்கு 22,500.

அப்படி ஒரு மழை வாரத்தில், கம்மாபுரம் வட்டாரத்தில் வேலை பார்க்கும் ஓர் உதவி வேளாண்மை அலுவலருக்கு மேலே சொன்ன அந்த வரி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் எதைக் கணக்கெடுப்பார்?

முதலில், எந்தக் கம்மாபுரம்? அது ஒரு கிராமம். அதே பெயரில் ஓர் ஊராட்சி ஒன்றியமும் இருக்கிறது. வேளாண்மைத் துறை வட்டாரக் கணக்கில் பேசும். வருவாய்த் துறையோ தாலுகா, குறுவட்டம், வருவாய் கிராமம் என்று பேசும். இரண்டுக்கும் எல்லை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

அடுத்து, எது சேதம்? தண்ணீர் நிற்கிற வயல் எல்லாம் சேதமா, 33 சதவீதத்தைத் தாண்டியது மட்டுமா? மூழ்கிய பரப்பை இன்றைக்கே சொல்லிவிடலாம். ஆனால் பயிர் அழுகியதா, பிழைத்ததா என்பது தண்ணீர் வடிந்த பிறகுதான் தெரியும்.

மூன்றாவது, ஏக்கரா ஹெக்டேரா? விவசாயி ஏக்கரில் சொல்வார். அரசு ஹெக்டேரில் கேட்கும். ஒரு ஹெக்டேர் என்பது சுமார் 2.47 ஏக்கர். 100 ஏக்கர் நெல் சேதத்துக்கு நிவாரணம் ஏறத்தாழ 6.88 லட்சம் ரூபாய். ‘100’ என்று மட்டும் எழுதி, படிப்பவர் அதை ஹெக்டேர் என்று எடுத்துக்கொண்டால் 17 லட்சம். இது மாற்றி நடந்தால்? 100 ஹெக்டேர் நாசமான ஊருக்கு 100 ஏக்கருக்கான பணம்தான் ஒதுக்கீடாகும். கையெழுத்துப் போட்ட ஊழியருக்கு விளக்கம் கேட்டு மெமோ. வயலில் நிற்கிற குடும்பத்துக்கு நஷ்டம்.

இத்தனையையும் திருப்பிக் கேட்டால் மேலதிகாரி கோபித்துக்கொள்வாரே என்பீர்கள். ‘என்ன விவரம் சார் வேணும்?’ என்று மொட்டையாகக் கேட்டால் கோபம் வரத்தான் செய்யும். யோசிக்கிற வேலை முழுவதும் அவர் தலைக்கே திரும்பிப் போகிறது அல்லவா? அதோடு, அவருக்கும் மேலிடத்திலிருந்து பெரும்பாலும் அதே ஒரு வரிதான் வந்திருக்கும்.

எனவே கேள்வியாகக் கேட்காமல், நாம் புரிந்துகொண்டதை எழுத வேண்டும். இப்படி:

‘ஐயா, வணக்கம். கம்மாபுரம் வட்டாரம் முழுவதற்கும், தண்ணீர் நிற்கும் நெல் பரப்பை கிராம வாரியாக, ஹெக்டேரில், இன்று மாலை 4 மணிக்குள் அனுப்புகிறேன். இது முதற்கட்டக் கணக்கு மட்டுமே. 33 சதவீதக் கணக்கு தண்ணீர் வடிந்த பிறகு. ஒன்று மட்டும் தெரிய வேண்டும், ஐயா: இது இன்றைய ஆய்வுக் கூட்டத்துக்கா, நிவாரணப் பட்டியலுக்கா? பட்டியல் என்றால் வி.ஏ.ஓ.வுடன் வயலுக்குப் போய், விவசாயி வாரியாக, சர்வே எண்ணோடு எடுக்க வேண்டும். அதற்கு மூன்று நாள் ஆகும். இப்போது கூட்டத்துக்கான கணக்கைத் தொடங்குகிறேன்.’

இந்தப் பதிலில் எந்த இடம், எது, எந்த அளவில், எப்போது என்ற நான்கும் வந்துவிட்டன. எது வராது என்பதும் வந்துவிட்டது. கேள்வி ஒன்றே ஒன்று. அதுவும் ‘இதுவா, அதுவா’ என்ற கேள்வி. ஜீப்பில் போய்க்கொண்டே ‘கூட்டத்துக்கு’ என்று ஒரே சொல்லில் பதில் போட்டுவிடலாம்.

ஏன் அந்த ஒரு கேள்வி? விவரம் எங்கே போகப்போகிறது என்று தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகத் தெளிந்துவிடும். கூட்டத்துக்கு என்றால் மொத்தப் பரப்பு போதும். நிவாரணத்துக்கு என்றால் ஒவ்வொரு பெயரும், வங்கிக் கணக்கு எண்ணும் சரியாக இருக்க வேண்டும். கூட்டத்துக்காக அவசரமாகப் போட்ட எண், பிறகு இறுதிக் கணக்காக நின்றுவிடும் ஆபத்தும் உண்டு. ‘முதற்கட்டக் கணக்கு’ என்று எழுத்தில் வைப்பது அதற்காகத்தான்.

‘ஓகே’ என்ற பதில் எவ்வளவு ஆபத்தானது என்பதை விமானத் துறை மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரிஃப் தீவில், ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். அனுமதி கிடைக்கும் முன்பே ஒரு விமானம் கிளம்பிவிட்டது. அந்த விமானி சொன்னதற்குக் கட்டுப்பாட்டு அறையின் பதில் ‘ஓகே’ என்று தொடங்கியது; ‘காத்திருங்கள்’ என்ற மீதிப் பகுதி இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை. அதன் பிறகு, முக்கியமான உத்தரவை விமானி வெறும் ‘ஓகே’ என்று ஏற்காமல், அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது கண்டிப்பான வழக்கமானது.

பதிலே வராவிட்டால்? திரும்பச் செய்யக்கூடிய வேலையென்றால், ‘இப்படித் தொடங்குகிறேன்’ என்று எழுதியபடி தொடங்கிவிடலாம். பணம், பெயர்ப் பட்டியல், கையெழுத்து சம்பந்தப்பட்டது என்றால், மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. போனில் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள். பேசி முடித்ததும், ‘போனில் சொன்னபடி, கூட்டத்துக்கான மொத்தப் பரப்பு மட்டும் அனுப்புகிறேன், ஐயா’ என்று ஒரு வரி போட்டுவையுங்கள். நாளைக்கு யாருக்கும் ஞாபகம் தவறினாலும் அந்த வரி இருக்கும்.

குரூப்பில் எல்லோர் முன்பும் கேட்பதை விட, தனி மெசேஜில் அனுப்புவது நல்லது. மேலதிகாரியின் உத்தரவில் குறை கண்டுபிடிப்பது போல அது தெரியாது. பத்து ஊழியர்களுக்கும் ஒரே சந்தேகம் என்றால், அவர் சொன்ன பதிலை அவரையே குரூப்பில் போடச் சொல்லுங்கள். பத்துப் பேரும் ஒரே அளவில் கணக்கெடுப்பார்கள்.

மேலதிகாரிகளாக இருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘கம்மாபுரம் வட்டாரம், மூழ்கிய நெல், ஹெக்டேரில், 4 மணி கூட்டத்துக்கு’ என்று அடிக்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை நீங்கள் மிச்சம் பிடித்தால், அதற்கு ஈடாக ஓர் ஊழியரின் முழு நாள் போகிறது. சில நேரம், பட்டியலில் விடுபட்ட ஒரு விவசாயியின் நிவாரணமும் போகிறது.

அன்புடன்,
ஆசிரியர்