சித்தி சொன்ன 'வெளிநாட்டுக்காரன்'

2024 அக்டோபரில் கோவையிலிருந்து சித்தி போன் பண்ணினார். "வெளிநாட்டுக்காரன் எல்லாம் வித்துட்டுப் போறானாம். நானும் வித்துடட்டுமா கண்ணு?"

அந்த மாதம் வெளிநாட்டு நிதிகள் வாங்கியதைவிடச் சுமார் 94,000 கோடி ரூபாய்க்கு அதிகமாக இந்தியப் பங்குகளை விற்றன. நிஃப்டி 6 சதவீதம் இறங்கியது. ஆனால் காரணம் சித்தியின் வங்கிப் பங்கில் இல்லை. சீனா ஊக்கத் திட்டம் அறிவித்ததும், மலிவான பங்கைத் தேடிப் பணம் அங்கே போனது. அமெரிக்கக் கடன்பத்திர வட்டியும் ஏறியது. இவர்கள் கையில் அதிகம் இருப்பது பெரிய வங்கிகள், சட்டென்று விற்க முடிவதும் அவைதான். அதனால் நல்ல வங்கியும் விற்கப்படும். (இந்த 'வெளிநாட்டுக்காரன்' கையில் நம் சம்பளத்தில் பிடிக்கிற பென்ஷன் பணமும் உண்டு.)

வாங்கியவர்கள் யார்? பெரும்பாலும் உள்நாட்டு ஃபண்டுகள். சித்தி மாதிரி ஆட்கள் அந்த மாதம் எஸ்ஐபியில் போட்டது மட்டும் 25,000 கோடிக்கு மேல்.

தினமும் சாயங்காலம் வருகிற 'எஃப்ஐஐ இவ்வளவு விற்றது' என்ற எண்ணை விட்டுவிடுங்கள் என்றேன். அது தற்காலிகக் கணக்கு. ஒரே ஒரு பெரிய கைமாற்றம் அதைப் புரட்டிவிடும். ஏன் விற்றார்கள் என்றும் சொல்லாது. வங்கியின் வாராக்கடன் ஏறுகிறதா என்று பாருங்கள். அடுத்த வருஷம் தம்பி ஃபீஸுக்கு வேண்டிய பணம் என்றால் மட்டும் இப்பவே எடுத்துடுங்க, சித்தி.