மறைக்காமலும் மிகைப்படுத்தாமலும்



லீஸ்திரா ஊரார் பவுலையும் பர்னபாவையும் தேவர்களென்று எண்ணிப் பலியிட வந்தபோது, அவர்கள் தங்கள் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டு தடுத்தார்கள். அதே அதிகாரத்தின் (அப்போஸ்தலர் 14) முடிவில், அந்தியோகியாவில் சபையைக் கூட்டி, தேவன் தங்களைக்கொண்டு செய்தவற்றை விவரமாய் அறிவித்தார்கள். தங்களுக்கு உரியதல்லாத மகிமையை மறுத்தவர்கள், நடந்த ஊழியத்தை மறைக்கவில்லை. உபவாசித்து, ஜெபித்து, கைகளை வைத்து அனுப்பிய சபைக்கு அதை அறியும் உரிமை இருந்தது.

ஆகையால், விடுமுறை வேதாகமப் பள்ளியை நடத்தி முடித்தவர் "நான் ஒன்றும் செய்யவில்லை" என்றால், அது பொய்த் தாழ்மை. தாம் பாடங்களை ஆயத்தம்பண்ணியதையும், பாட்டுக் கற்பித்தவரையும், சமைத்தவர்களையும், நிறைவேறாமல் நின்றதையும் உள்ளபடியே சொல்லட்டும். பிற்பாடு எருசலேமில் பவுலின் விவரத்தைக் கேட்ட மூப்பர்கள் கர்த்தரையே மகிமைப்படுத்தினார்கள். நம் சாட்சிக்கும் அதுவே உரைகல்.