ஐந்து நொடி வரை அழியாத உரையாடல்

மைசூர் சரஸ்வதிபுரத்திலிருந்து நம் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். தேவராஜா மார்க்கெட்டில் பூ வாங்கக் காத்திருந்த நேரத்தில், டெலிகிராமில் சேர்ந்திருந்த வேண்டாத உரையாடல்களை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டிருந்தாராம். விரல் ஒரு வரி தள்ளிப் பட்டது. உறுதி கேட்ட பெட்டியையும் படிக்காமல் அமுக்கிவிட்டார். போனது கோவையிலிருக்கும் அண்ணனின் உரையாடல். அப்பாவின் பழைய படங்களும், அம்மா சொல்லச் சொல்ல அண்ணி பதிந்து அனுப்பிய ரசப்பொடி அளவும் அதில்தான் இருந்தன.

திரையின் அடியில் ஒரு கறுப்புப் பட்டை வந்தது. அதில் 5, 4, 3 என்று எண் இறங்கியது. வலது ஓரத்தில் Undo என்று இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. பதற்றத்தில், போனின் பின்செல்லும் பொத்தானை அமுக்கினார். செயலி மூடிக்கொண்டது. உடனே திறந்து பார்த்தார். அண்ணனும் இல்லை, பட்டையும் இல்லை. "ஐந்து நொடி முழுசாக ஆகவே இல்லையே, எங்கே போனது?" என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. டெலிகிராம் இந்த Undo வசதியை 2019 ஜனவரியில் கொண்டுவந்தது. பெயரைப் பார்த்தால் அழித்ததை மீட்டுத் தருவதுபோலத் தோன்றும். உண்மையில் அந்த ஐந்து நொடியும் எதுவுமே அழிவதில்லை. செயலி உரையாடலைப் பட்டியலிலிருந்து மறைத்து வைத்துவிட்டு, அழிக்கும் கட்டளையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறது. எண் இறங்கி முடிந்த பிறகுதான் அது சர்வருக்குப் போகிறது. தபாலில் போடச் சொல்லிப் பையனிடம் கொடுத்த கடிதத்தை, அவன் தெருமுனை தாண்டுமுன் கூப்பிட்டு வாங்கிக்கொள்வது போலத்தான். ஜிமெயிலில் அனுப்பிய அஞ்சலைத் திரும்பப் பெறும் வசதியும் இதே தந்திரம்தான். அங்கே காத்திருப்பை 30 நொடி வரை நீட்டிக்கொள்ளலாம்.

வாசகிக்கு விடையும் இதில்தான் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் அந்தத் திரையை விட்டு நாம் வெளியேறினால், முடிவு செய்துவிட்டோம் என்று செயலி எடுத்துக்கொள்கிறது. மிச்ச நொடிகளுக்குக் காத்திராமல் கட்டளையை அனுப்பிவிடுகிறது. முகப்புத் திரைக்குப் போனாலும் இதே கதிதான். பட்டை இருக்கும்போதே இன்னொரு உரையாடலை நீக்கினாலும், முதலாவதன் தவணை அங்கேயே முடிந்துவிடும். வரிசையாக நீக்கிக்கொண்டே போகிறவர்களுக்கு இதுதான் பெரிய கண்ணி. ஆகவே தவறு தெரிந்த கணத்தில் வேறெதையும் தொடாமல் பட்டையின் வலது ஓரத்தைத் தொடுங்கள், போதும். உரையாடல் இருந்த இடத்துக்கே வந்துவிடும்.

தவணை தவறியபின் என்ன செய்வது? உறுதி கேட்ட பெட்டியில், எதிராளிக்கும் சேர்த்து அழிக்கட்டுமா என்று ஒரு கட்டம் இருந்திருக்கும். நம் வாசகி நல்லவேளையாக அதை டிக் செய்யவில்லை. அண்ணனைக் கூப்பிட்டபோது, "எதுக்கு அம்மிணி பதறுறே, எங்கிட்ட எல்லாம் அப்படியேதான் இருக்குது" என்றாராம். அன்று மாலை அண்ணன் கம்ப்யூட்டரில் டெலிகிராமைத் திறந்தார். தங்கையின் உரையாடலில் மூன்று புள்ளியைத் தொட்டு, Export chat history என்பதைத் தேர்ந்தெடுத்தார். படம், வீடியோ, குரல் பதிவு எல்லாவற்றுக்கும் டிக் போட்டு, கோப்பு அளவின் வரம்பையும் கூட்டினார். அதை விட்டுவிட்டால் பெரிய வீடியோக்கள் வராது. கிடைத்தது ஒரு கோப்புறை: படங்கள் தனியே, குரல் பதிவுகள் தனியே, பேச்சு messages.html என்ற கோப்பில் தொடங்கி. பிரவுசரில் திறந்து படிக்கலாம். ஆனால் அதைத் திரும்ப டெலிகிராம் பட்டியலில் ஏற்ற முடியாது. அண்ணன் புதிதாக ஒரு வரி அனுப்பினால் அவர் பெயர் மேலே வரும், அந்த ஒரு வரியோடு.

இதைப் படிக்கும் பலர் வாட்ஸ்அப்காரர்கள் என்பது எனக்குத் தெரியும். அங்கே 2022 டிசம்பரில் வந்த ஐந்து நொடிச் சலுகை, தனக்கு மட்டும் அழித்த செய்திக்குத்தான். முழு உரையாடலை நீக்கினால் பட்டை எதுவும் வராது. ஆனால் ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் தினமும் இரவு 2 மணிக்குப் போனிலேயே ஒரு காப்பு நகல் எடுத்துக்கொள்கிறது. காலை பத்து மணிக்கு அழித்தீர்கள் என்றால், அன்றைய நகலில் அந்த உரையாடல் இன்னும் இருக்கும். அமைப்புகளில் Chat backup பக்கத்துக்குப் போய்க் கடைசி நகலின் நேரத்தைப் பாருங்கள். அது அழித்ததற்கு முந்தையதாக இருக்க வேண்டும். அங்கே Back up என்ற பொத்தானைத் தப்பித் தவறியும் தொடாதீர்கள். தொட்டால் உரையாடல் இல்லாத புது நகல் வந்து உட்கார்ந்துவிடும். பிறகு செயலியை நீக்கி, மறுபடி நிறுவி, அதே எண்ணைக் கொடுத்து, கேட்கும்போது Restore என்று சொல்ல வேண்டும். நகல் எடுத்த நேரத்துக்குப் பிறகு வந்த செய்திகள் இதில் போய்விடும் என்பதால், முக்கியமானவற்றை முதலில் வேறெங்காவது அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்